அவருக்குத் தெரியும், சொல்லத்தான் வரவில்லை

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வருகின்றன. பேச்சு மட்டும் வரவில்லை. அப்போது பல வீடுகளில் ஒரு நோட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுப்பார்கள். ‘வாயால் சொல்ல வராவிட்டால் என்ன, எழுதிக் காட்டட்டுமே’ என்ற எண்ணம்தான். அவரும் பேனாவைப் பிடிக்கிறார். தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறார். அடுத்த எழுத்து வராமல் அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார். கடைசியில் நோட்டைத் தள்ளிவிடுகிறார். ‘எழுத்துகூட மறந்துபோச்சே, புத்தியே பேதலிச்சுப்போச்சு போல’ என்று வீட்டார் கலங்கிப்போகிறார்கள்.

புத்தி பேதலிக்கவில்லை. அவருக்கு வந்திருப்பது அஃபேசியா. தமிழில் மொழியிழப்பு என்று சொல்லலாம். பெரும்பாலானோருக்கு மொழியை ஆள்வது மூளையின் இடப்பக்கம். அங்கே போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பேச்சு, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது, வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கும் கூடவோ குறையவோ அடி வாங்குகின்றன. எழுதுவதற்கும் அதே மொழிதான் வேண்டும் என்பதால், வாயில் வராத சொல் பேனாவிலும் வருவதில்லை. உடம்பின் வலப்பக்கத்தை இயக்குவதும் மூளையின் இடப்பக்கமே. அதனால்தான் வலது கை, கால் விழுந்தவர்களிடம் இந்தச் சிக்கலை அதிகம் பார்க்கிறோம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அஃபேசியா வருகிறது.

இதை நாக்குக் குளறலோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாய், நாக்குத் தசைகள் மட்டும் பலவீனப்பட்டவருக்குப் பேச்சு தெளிவில்லாமல் வரும். ஆனால் என்ன சொல்ல வேண்டும், எந்தச் சொல்லால் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்குத் தடை இல்லை. அவரிடம் நோட்டைக் கொடுத்தால் முழு வாக்கியம் எழுதிவிடுவார். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே வரும். எது எவ்வளவு என்பதை ஸ்பீச் தெரபிஸ்ட் சோதித்துச் சொல்வார். நாக்கு தடித்துப்போனதுதான் காரணம் என்று நினைத்து வசம்பை உரைத்துத் தடவுவதும், தேனை வாயில் விடுவதும் சில ஊர்களில் இன்னும் நடக்கிறது. மொழியிழப்புக்கு அதனால் பயன் ஏதுமில்லை. விழுங்கும் திறனும் கெட்டிருந்தால் வாயில் விட்டது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து மட்டும் உண்டு.

உள்ளே என்ன இருக்கிறது?

பழகிய ஒருவரின் பெயர் சட்டென்று நினைவுக்கு வராமல் நாக்கு நுனியில் நிற்கும் அனுபவம் எல்லோருக்கும் உண்டு. ஆள் யார் என்று தெரியும், முகம் தெரியும், எந்த ஊர் என்பதும் தெரியும். பெயர் மட்டும் வராது. மொழியிழப்பு உள்ளவருக்குத் தண்ணீர், செருப்பு, மகள் என்று வாய்க்கு வந்தாக வேண்டிய சொல் ஒவ்வொன்றிலும் அந்தத் தவிப்புதான். பொருளைப் பற்றிய அறிவு போகவில்லை. அதைச் சொல்லாக்கும் வேலைதான் தடைபட்டிருக்கிறது.

இதை 1861-இலேயே பாரிஸில் ஒரு மருத்துவர் பதிவு செய்திருக்கிறார். பால் ப்ரோகா என்ற அறுவை மருத்துவரிடம் லெபோர்ன்யே என்ற நோயாளி வந்தார். பிசேத்ர் மருத்துவமனையிலேயே பல ஆண்டுகள் கிடந்தவர். எதைக் கேட்டாலும் அவர் வாயில் வந்தது ‘தான், தான்’ என்ற ஒலி மட்டுமே. எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறீர்கள் என்று ப்ரோகா கேட்டார். நோயாளி கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு, ஒரு விரலை நீட்டினார். நான்கு ஐந்து இருபது, மேலே ஒன்று. இருபத்தொரு ஆண்டு. சரியான விடை. சில நாளில் அவர் இறந்துபோக, மூளையை ஆராய்ந்த ப்ரோகா இடப்பக்க முன்பகுதியில் சிதைவு இருந்ததைக் காட்டினார். அந்த இடம் இன்றும் அவர் பெயரால்தான் அறியப்படுகிறது.

வீட்டாருக்குப் பயன்படுவது அந்த ஐந்து விரல் கணக்குதான். வாயால் ஒரு சொல்லும் சொல்ல முடியாத மனிதரிடமிருந்து சரியான விடை வந்தது. விரலால் சொல்லிவிடக்கூடிய ஒன்றை மருத்துவர் கேட்டார், அதனால் வந்தது. ‘இங்கே வந்த கதையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டிருந்தால் ‘தான், தான்’ தவிர வேறெதுவும் வந்திராது. மொழியிழப்பு உள்ளவரோடு பேசும்போது உரையாடலின் பாதிப் பாரம் அவருடையது அல்ல. முக்கால் பாரத்தைக் கேட்பவர்தான் தூக்க வேண்டும்.

இந்த வழியை முறையான பயிற்சியாக வளர்த்தவர்களில் கனடாவின் டொரண்டோவில் பணியாற்றிய ஆரா ககன் முக்கியமானவர். அவர் வகுத்த முறையில் இரண்டு கடமைகள் உண்டு. அவருக்குத் தெரியும் என்பது நமக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்வது முதல் கடமை. தெரிந்ததை வெளியே கொண்டுவர வழி செய்து தருவது இரண்டாவது. அஃபேசியா உள்ளவர்களோடு பேச இருந்த தன்னார்வலர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்து 2001-இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்றவரோடு பேசியபோது நோயாளியின் பங்கும் மேம்பட்டிருந்தது. இத்தனைக்கும் பயிற்சி கொடுத்தது நோயாளிக்கு அல்ல, எதிரில் உட்கார்ந்தவருக்கு.

ஒரு பேச்சு, ஆரம்பம் முதல் முடிவு வரை

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தேனிப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அறுபத்து நான்கு வயதுக்காரர். பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வலது கை விழுந்திருக்கிறது. சொல்வதை ஓரளவு புரிந்துகொள்கிறார். பேச்சில் ஒன்றிரண்டு சொற்கள்தான் திக்கித் திணறி வருகின்றன.

காலையில் அவர், “தண்ணி… தண்ணி…” என்கிறார். மனைவி சொம்பில் தண்ணீர் கொண்டு வருகிறார். அவர் தலையை ஆட்டித் தள்ளிவிடுகிறார். “வெந்நி வேணுமா? குளிக்கணுமா? பாத்ரூம் போகணுமா?” என்று மனைவி அடுக்குகிறார். “தண்ணி! அவன்… அவன்… தண்ணி!” என்று அவர் குரல் உயர்கிறது. சொம்பு தரையில் உருள்கிறது. “எப்பப் பார்த்தாலும் கோபம்” என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

மகள் வருகிறாள். முதல் வேலையாக டி.வி.யை நிறுத்துகிறாள். அப்பாவுக்கு எதிரே, சற்று இடப்பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறாள். இடப்பக்க மூளையில் அடி விழுந்தவர்களில் சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் மறைந்திருக்கும். வலது ஓரத்தில் நிற்பவரும் வலது ஓரத்தில் எழுதியதும் அவர் கண்ணில் படாமலே போகலாம்.

“அப்பா, ஏதோ முக்கியமா சொல்ல வர்றீங்க. எனக்குத்தான் இன்னும் பிடிபடல. இருங்க, கண்டுபிடிப்போம்.”

இந்த ஒரு பேச்சிலேயே பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. தவறு அவருடையது என்ற தொனி இதில் இல்லை. அவள் நோட்டை எடுத்துத் தடித்த பேனாவால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுகிறாள்: குடிக்க. குளிக்க. தோப்பு. வேறு. ஒவ்வொன்றையும் வாயாலும் சொல்லி, விரலால் தொட்டுக் காட்டுகிறாள். பக்கவாட்டில் வரிசையாக எழுதினால் வலப்பக்கம் இருப்பது அவர் கண்ணுக்குத் தப்பக்கூடும் என்பதால்தான் மேலிருந்து கீழாக எழுதுகிறாள். கடைசியில் ‘வேறு’ என்று ஒன்றைப் போடுவதற்கும் காரணம் உண்டு. நாம் நினைத்துப் பார்க்காதது அவர் மனத்தில் இருக்கலாம். அந்த வாசலை அடைத்துவிட்டால், இருப்பதில் ஒன்றைத் தொட்டுத் தொலைப்போம் என்று அவரும் தொட்டுவிடுவார்.

அவர் இடது கையால் ‘தோப்பு’ என்பதைத் தொடுகிறார்.

“தோப்பு விஷயம். சரி. யாரைப் பத்தி?” மறுபடி எழுதுகிறாள்: தம்பி. தோப்பு ஆள். பக்கத்துத் தோப்புக்காரர். வேறு. தோப்பு ஆளைத் தொடுகிறார்.

“தோப்பு ஆள் தண்ணி பாய்ச்சணும். அதானே?”

அவர் தலையை ஒரு மாதிரி ஆட்டுகிறார். பாதி ஆமாம், பாதி இல்லை. இங்கே அவசரப்பட்டு, ‘சரி, போன் போட்டுச் சொல்லிடறேன்’ என்று எழுந்திருந்தால் விஷயம் கோட்டை விட்டுப்போயிருக்கும். மகள் எழவில்லை. “கிட்ட வந்துட்டேன், ஆனா முழுசா இல்லை. அப்படித்தானே?” என்கிறாள். அவர் வேகமாகத் தலையசைக்கிறார். அவள் பேசாமல் காத்திருக்கிறாள். மனத்துக்குள் பத்து எண்ணும் நேரம். அவர் இடது கையின் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுகிறார்.

“காசு? காசு அவர் தரணுமா, நாம தரணுமா?” இதையும் எழுதுகிறாள். ‘நாம்’ என்பதைத் தொடுகிறார்.

இப்போது மகள் எல்லாவற்றையும் தொகுத்து, நோட்டில் இருப்பதைத் தொட்டுத் தொட்டுச் சொல்கிறாள். “தோப்பு ஆளுக்கு நாம கூலி பாக்கி வெச்சிருக்கோம். அதனால அவர் தண்ணி பாய்ச்ச வரலை. காசைக் கொடுத்தா வருவார். இதானே?” அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். மகள் அங்கேயே, அவர் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டுத் தோப்பு ஆளிடம் பேசுகிறாள்.

பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதில் அவர் பேசிய சொற்கள் இரண்டுதான். ஆனால் கூலி பாக்கி நின்றுபோனது வீட்டிலேயே அவர் ஒருவருக்குத்தான் நினைவில் இருந்தது.

ஆமாம், இல்லை என்பதில் உள்ள பொறி

இப்படிப் பேசும்போது எல்லாமே ஆமாம், இல்லை என்பதில்தான் நிற்கிறது. அதுவே இந்த நோயில் எளிதில் தவறிவிடும் இடம். ‘ஆமாம்’ என்று நினைத்துக்கொண்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடுவது மொழியிழப்பில் சாதாரணம். போதாததற்கு நம் ஊர்த் தலையாட்டலே குழப்பமானது. நாம் ஆமோதிக்கும்போது தலை மேலும் கீழுமாகவும் போகும், பக்கவாட்டிலும் சாயும். கழுத்துத் தசையும் தளர்ந்திருந்தால் எது எதுவென்று வீட்டாருக்கே தெரியாது.

இதற்குச் சில வழிகள் உண்டு. ஒரு அட்டையில் பெரிதாக ஒரு சரிக்குறியும், கீழே ஒரு பெருக்கல் குறியும் போட்டு வைத்துக்கொண்டு தொட்டுக் காட்டச் சொல்லலாம். கட்டை விரலை மேலே தூக்கு, கீழே காட்டு என்று பழக்கலாம். மூன்றாவது குறியாக ஒரு கேள்விக்குறியையும் சேர்த்துக்கொள்வது நல்லது. ‘தெரியவில்லை’, ‘நீ கேட்டது புரியவில்லை’ என்று சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு.

அந்த ஆமாமை எவ்வளவு நம்பலாம் என்று தெரிந்துகொள்ள, விடை நமக்குத் தெரிந்த இரண்டொரு கேள்விகளைப் பேச்சுவாக்கில் கேட்டுப் பார்க்கலாம். மழை பெய்யாத நாளில், “வெளியே மழை பெய்யுதா?” என்றால் என்ன பதில் வருகிறது? முக்கியமான விஷயம் என்றால் அதையே திருப்பிப் போட்டும் கேட்க வேண்டும். “மாத்திரை போட்டாச்சா?” என்பதற்கு ஆமாம் வந்தால், சற்றுக் கழித்து “இன்னும் மாத்திரை போடலையா?” என்றும் கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் ஆமாம் வந்தால் அந்தப் பதிலை விட்டுவிட்டு, மாத்திரை அட்டையை எண்ணிப் பார்ப்பதே பாதுகாப்பு.

எப்படிப் பேசுவது?

தமிழில் நாம் பேசும் வாக்கியம் ரயில்வண்டி போல நீளும். “பேங்குக்குப் போயிட்டு, தம்பி வந்தா அவனையும் கூட்டிக்கிட்டு, வர்ற வழியில மாத்திரை வாங்கிட்டு, அப்படியே டாக்டரைப் பார்த்துட்டு வந்துரலாமா?” என்று ஒரே மூச்சில் கேட்போம். வினைச்சொல் கடைசியில் வருவதால் அதுவரை எல்லாவற்றையும் மனத்தில் பிடித்து வைத்திருக்க வேண்டும். மொழியிழப்பு உள்ளவருக்கு அந்தப் பிடிமானம்தான் தளர்ந்திருக்கிறது. இதையே வெட்டி வெட்டிச் சொல்லலாம். “முதல்ல பேங்க்.” கொஞ்சம் இடைவெளி. “அப்புறம் டாக்டர்.” இடைவெளி. “தம்பி கூட வருவான். போலாமா?” பாஸ்புக்கையும் மருத்துவச் சீட்டையும் அந்தந்தச் சொல்லோடு கையில் எடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

வாக்கியம்தான் சிறிதாக வேண்டும். பேசும் தோரணை சின்னக் குழந்தையிடம் பேசுவது போல ஆகிவிடக் கூடாது. “சமர்த்தா சாப்பிட்டுருவீங்களாம்” என்று குழைவது, பேத்திக்கு முன்னால் அவரை இன்னும் சிறுமைப்படுத்தும். காதில் கோளாறு இல்லாதவரிடம் கத்திப் பேசுவதும் வீண். சத்தம் கூடக்கூட உதடும் முகமும் இறுகுவதால், திட்டுகிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

எவ்வளவு புரிகிறது என்பதில் வீட்டார் பொதுவாகக் கூட்டியே கணக்குப் போடுகிறார்கள். பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு “கிளம்பலாமா?” என்றால் அவர் எழுந்துவிடுவார். சொன்னது புரிந்து எழுந்தாரா, பையைப் பார்த்து எழுந்தாரா? பையும் இல்லாமல் கைச்சாடையும் காட்டாமல் ஒரு முறை கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பது மாறிப்போகக்கூடிய வாக்கியங்களில் சறுக்கல் அதிகம். “அக்காகிட்ட தம்பி பணம் வாங்கினான்” என்று சொன்னால், வாங்கியது யார், கொடுத்தது யார் என்பது குழம்பிவிடலாம். இப்படிப்பட்ட செய்தியைக் காகிதத்தில் இரண்டு பெயரை எழுதி, நடுவில் ஓர் அம்புக்குறி போட்டுச் சொல்வது நல்லது.

அவர் ஒரு சொல்லுக்குத் திணறும்போது நாமாக எடுத்துக்கொடுக்கலாமா? முதலில் பொறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு, “நான் சொல்லட்டுமா?” என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால், “காலையில குடிக்கிறது…” என்று தொடங்கி வைக்கலாம். அதற்கும் வராவிட்டால் “கா…” என்று முதல் ஒலியைக் கொடுக்கலாம். பல பேருக்கு அதுவே போதும், ‘காபி’ வந்து விழும். ஆனால் இது பயிற்சி நேரத்து வேலை. அவர் காபி டம்ளரைக் காட்டிக் கேட்டுவிட்டார், நமக்கும் புரிந்துவிட்டது என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. ‘காபின்னு வாயால சொல்லு, அப்பதான் தருவேன்’ என்று நிறுத்தி வைப்பது கொடுமை. தேங்காயைக் காட்டி மாங்காய் என்று சொன்னாலும் திருத்த வேண்டியதில்லை. “ஆமா, தேங்காயை உடைச்சிரலாம்” என்று சரியான சொல்லை நம் பதிலில் வைத்துச் சொல்லிவிட்டால் போதும்.

இன்னொன்று வீட்டாரைக் குழப்பும். தண்ணீர் கேட்க முடியாதவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபது வரை எண்ணிவிடுவார். கிழமைகளை வரிசையாகச் சொல்வார். கந்த சஷ்டி கவசத்தைப் பாராயணம் செய்தவர் அதில் பல வரிகளை ஒப்பித்துவிடுவார். வாழ்நாளில் கெட்ட வார்த்தை பேசாதவர் வாயில் அதுவும் வந்து விழும். ‘இதெல்லாம் வருது, எங்ககிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறார்’ என்று மனைவிக்கு வருத்தம். பலமுறை சொல்லிச் சொல்லித் தடமாகிவிட்டவை வேறு வழியில் வருகின்றன. புதிதாக ஒரு கருத்தைச் சொல்லாக்கிப் பேசுவது வேறு வேலை. அது வருகிறது என்பதால் இது அழுத்தம் என்றாகாது. கெட்ட வார்த்தையும் உங்களை நோக்கி வந்தது அல்ல.

சரளமாகப் பேசுபவருக்கும் மொழியிழப்பு உண்டு

இதுவரை பார்த்தது பேச்சு திக்கித் திணறும் வகை. இதற்கு நேர்மாறான ஒரு வகையும் உண்டு. அதை 1874-இல் விவரித்தவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வெர்னிக்கே. இந்த வகையில் பேச்சு தடையில்லாமல் ஓடும். ஏற்ற இறக்கமும் சரியாக இருக்கும். ஆனால் சொற்கள் இடம் மாறியும், இல்லாத சொற்கள் கலந்தும் வருவதால் பொருள் பிடிபடாது. பிறர் சொல்வதும் அவருக்குச் சரியாகப் புரியாது. தான் பேசுவது தவறு என்பதே பல நேரம் அவருக்குத் தெரிவதில்லை. கை, கால் நன்றாக இருக்கலாம் என்பதால் இது பக்கவாதம் என்றே தோன்றாமல், மனநோய் என்று எண்ணி மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு.

இவரிடம் எடுத்துக்கொடுப்பது பயன்படாது. அவர் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது அதோடு போட்டி போட்டுப் பேசுவதும் பயன்படாது. உள்ளங்கையை மெதுவாகக் காட்டி, “கொஞ்சம் இருங்க” என்று நிறுத்திவிட்டு, பொருளையோ போட்டோவையோ அவர் முன் வைத்து ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்க வேண்டும். சொல்லைக் காட்டிலும் அவர் முகத்தையும் கையையும் பாருங்கள். கவலையா, கோபமா, வலியா என்பது அங்கே தெரியும். புரியாமலே “சரி, சரி” என்று தலையாட்டுவது இரண்டு வகையினரிடமும் கூடாது. வெகு சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். “எனக்குப் புரியல. அரை மணி கழிச்சு மறுபடி பார்ப்போம்” என்று சொல்லி, சொன்னபடி அரை மணி கழித்து வந்து உட்காருவது மேல். களைப்பு வந்தால் வருகிற சொல்லும் வராது. பெரும்பாலானோருக்குக் காலை நேரம் நன்றாக இருக்கும்.

விருந்தாளியும் டாக்டரும்

உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “மாமா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்?” மொழியிழப்பு உள்ளவருக்கு இருப்பதிலேயே கடினமான கேள்வி இது. பெயர்கள்தான் பலருக்குக் கடைசியில் வருகின்றன. தெரிந்த முகத்துக்கு முன்னால், பத்துப் பேர் பார்க்க, பரீட்சையில் தோற்கிறார். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை ஆள் வரும் சத்தம் கேட்டதும் கண்ணை மூடிப் படுத்துக்கொள்கிறார். வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி, “அவருக்கு உங்களைத் தெரியும். பேர்தான் சொல்ல வராது. நீங்களே உங்க பேரைச் சொல்லிட்டு ஊர்க் கதை பேசுங்க” என்று சொல்லி அனுப்புவது வீட்டார் பொறுப்பு.

டாக்டரிடம் போகும்போதும், “இவர் சாப்பிடுறாரா? தூங்குறாரா?” என்று கேள்வி நம்மை நோக்கித்தான் வரும். பதில் சொல்லும் முன் அவர் பக்கம் திரும்பி, “நான் சொல்றேன், தப்பா இருந்தா கையைத் தூக்குங்க” என்று கேட்டுக்கொண்டால் அவரும் அந்த அறையில் இருக்கும் ஓர் ஆளாகிறார். வலி எங்கே என்பதைக் காட்ட ஒரு மனித உருவம் வரைந்த தாள் போதும். எவ்வளவு வலி என்று பத்துக்கு மதிப்பெண் கேட்டால் எண்ணும் குழம்பலாம். சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை நான்கைந்து முகங்களை வரைந்து காட்டலாம்.

இதற்கெல்லாம் ஒரு சிறு நோட்டு தயார் செய்து வைத்துக்கொள்ளலாம். கடையில் விற்கும் பொதுப் படங்களைவிட அவருடைய சொந்தப் படங்கள் பயன்படும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும், அவர் உட்காரும் திண்ணை, அவருடைய வண்டி, தோப்பு, வழக்கமாகப் போகும் கோயில், சாப்பிடும் பலகாரங்கள். ஒரு பக்கத்துக்கு நான்கைந்து படங்களுக்கு மேல் வேண்டாம். கிழிக்கும் நாள்காட்டியும் ஊர்ப் பெயர்கள் எழுதிய ஒரு வரைபடமும் கூட இருந்தால் எப்போது, எங்கே என்ற கேள்விகள் தீரும்.

பயிற்சியும் கால அளவும்

முன்னேற்றம் முதல் சில மாதங்களில், அதிலும் முதல் மூன்று மாதங்களில், வேகமாக இருக்கும். அதன்பின் வேகம் குறையுமே தவிர நின்றுவிடுவதில்லை. ஆண்டுகள் கழித்தும் பயிற்சியால் மேம்பட்டவர்கள் உண்டு. அதனால் ‘ஆறு மாசம் ஆச்சு, இனி அவ்வளவுதான்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். எவ்வளவு திரும்பும் என்பது மூளையில் விழுந்த அடியின் அளவையும் இடத்தையும் பொறுத்தது. முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பன்முக மாற்றுத்திறனாளிகள் நிறுவனம் போன்ற இடங்களிலும் பேச்சுப் பயிற்சிப் பிரிவுகள் உண்டு. நிரந்தரமாக நின்றுவிட்ட அஃபேசியா, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு, மொழிக் குறைபாடு என்ற பிரிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதன்படி சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம்.

வீட்டார் இரண்டு விஷயங்களில் விழிப்பாக இருக்க வேண்டும். தேறி வந்த பேச்சு திடீரென்று மறுபடி நின்றாலோ, முகம் கோணினாலோ, கை புதிதாகத் தளர்ந்தாலோ அது இன்னொரு பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அடுத்தது மனச்சோர்வு. சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, யாரிடமும் எதையும் சொல்ல முயலாமல் இருந்தால் அதைக் குணம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். வாய்விட்டுச் சொல்ல முடியாதவருக்கு அது வருவது சகஜம். மருந்தும் உண்டு.

ஸ்வீடன் கவிஞர் தாமஸ் ட்ரான்ஸ்ட்ரோமர் 1990-இல் பக்கவாதத்தில் பேச்சை இழந்தார். வலது கையும் விழுந்தது. இடது கையால் பியானோ வாசித்துக்கொண்டு, மனைவி மோனிகா அவர் சொல்ல வருவதைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல, அதன்பிறகும் கவிதை நூல்கள் வெளியிட்டார். 2011-இல் இலக்கிய நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கணவருக்காகப் பேசுவது வேறு, கணவர் சொல்ல வந்ததைப் பேசுவது வேறு என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

நம் வீடுகளில் அந்த வித்தியாசம் சோதனைக்கு வருவது பணமும் பத்திரமும் வரும் நாளில்தான். ‘அவருக்குத்தான் பேச்சே இல்லையே’ என்று கட்டை விரலை மையில் தொட்டு வைத்துவிடுவது சுலபம். அதற்கு முன், என்ன பத்திரம், எந்த நிலம், யாருக்குப் போகிறது, எவ்வளவு என்று தோப்பு ஆள் கூலிக்குச் செய்தது போலவே ஒவ்வொன்றாக எழுதி, படம் காட்டி, திருப்பிக் கேட்டு, அடுத்த நாள் காலையிலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இரண்டு நாளும் ஒரே பதில் வந்தால் அது அவர் பதில். அது ‘வேண்டாம்’ என்று இருந்தாலும் அவர் பதில்தான்.